பதினோரடி அறையும் இரண்டடி டைல்ஸும்

பத்துக்குப் பன்னிரண்டு என்று ஓர் அறை. பதினொன்றுக்குப் பதினொன்று என்று இன்னோர் அறை. முதலாவது 120 சதுரடி, இரண்டாவது 121 சதுரடி. வீடு கட்டுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். பிளான் போடுகிறவரும் எது இடத்துக்கு ஒத்துவருகிறதோ அதைப் போட்டுவிடுவார். ஆனால் டைல்ஸ் ஒட்ட ஆள் வந்து உட்காரும்போது இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்துவிடும். முதல் அறையில் கட்டரை எடுக்கவே வேண்டியதில்லை. இரண்டாவது அறையில் பதினொரு கல்லை அறுத்தாக வேண்டும்.

ஏன் என்று பார்க்க, கடையில் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று விற்கும் டைல்ஸிலிருந்து தொடங்குவோம். அது இரண்டடி அல்ல, 600 மில்லிமீட்டர். இரண்டடி என்றால் 610 மி.மீ. வந்திருக்க வேண்டும். இந்தப் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் குறைபோலத் தோன்றினாலும், நம் ஊர் வீடுகளைப் பொறுத்தவரை ஒரு வரம். பிளானில் பத்தடி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் செங்கல்லிலிருந்து செங்கல் வரை உள்ள அளவு, அதாவது 3,048 மி.மீ. இதில் இரண்டு பக்கமும் பூச்சு வேலை தலைக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தின்றுவிடும். மிஞ்சுவது 3,018. ஐந்து டைல்ஸ் 3,000. நடுவில் நான்கு இடுக்குகளுக்கு 2 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 3,008. சுவரோரம் பத்து மில்லிமீட்டர் மிச்சம், பக்கத்துக்கு ஐந்து. தரை வெயிலில் விரிய அந்த இடைவெளி எப்படியும் தேவை. மேலே ஸ்கர்ட்டிங் வந்து அதை மூடிவிடும். பன்னிரண்டடிப் பக்கமும் இப்படியே: பூச்சுக்குப் பின் 3,628, ஆறு டைல்ஸும் ஐந்து இடுக்கும் சேர்ந்து 3,610, மிச்சம் 18. ஐந்தாறு முப்பது. முப்பது கல், ஒரு வெட்டும் இல்லை.

இப்போது பதினோரடி. செங்கல்லுக்குச் செங்கல் 3,353, பூச்சுக்குப் பின் 3,323. ஐந்து டைல்ஸும் ஐந்து இடுக்கும் போக 313 மி.மீ. மிச்சம். அங்கே வைக்க வேண்டிய துண்டின் அகலம், சுவரோர இடைவெளியைக் கழித்தால், ஏறக்குறைய 310. டைல்ஸின் பாதி 300. அதாவது தேவைப்படுவது பாதியைவிட ஒரு விரல் அகலம் அதிகம். ஒரு கல்லை அறுத்தால் 310-க்கு ஒரு துண்டு கிடைக்கும். மீதி 287 இன்னொரு வரிசைக்குப் போதாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழுக் கல் போகிறது. இரண்டு பக்கமும் பதினோரடி என்பதால் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஐந்து, மூலைக்கு ஒன்று. இருபத்தைந்து முழுக் கல்லோடு பதினொன்று சேர்ந்து முப்பத்தாறு.

முப்பதுக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள இந்த ஆறு கல்லும் அப்படியே குப்பைக்குப் போகிறது என்று சொன்னால் அது நியாயமான கணக்கல்ல. எந்தக் கொத்தனாரும் 287 மி.மீ. துண்டைத் தூக்கி எறியமாட்டார். அதில் மூன்று அங்குல ஸ்கர்ட்டிங் பட்டை மூன்று எடுக்கலாம். வாசலைக் கழித்து அறைக்கு இருபத்தொரு பட்டை தேவை. பத்து மிச்சத் துண்டுகளில் முப்பது பட்டை வரும். ஆக ஸ்கர்ட்டிங்குக்கென்று தனியாக ஒரு கல்லும் வாங்க வேண்டாம். பத்துக்குப் பன்னிரண்டு அறையிலோ மிச்சமே இல்லாததால் ஸ்கர்ட்டிங்குக்கு மூன்று முழுக் கல்லை அறுக்க வேண்டும். உண்மையான வித்தியாசம் முப்பத்து மூன்றுக்கும் முப்பத்தாறுக்கும் உள்ள மூன்று கல்தான். ஓர் அறையோடு நின்றால், பெட்டிக் கணக்கில் வாங்கும்போது இது தெரியாமலே போகலாம். நாலு அறை, கூடம், மாடி என்று அடுக்கும்போதுதான் பெட்டிகளாக ஏறும். அறுப்புக் கூலி, அறுக்கும்போது ஓரம் சில்லுப் போய் வீணாகும் கற்கள், அறை முழுக்கப் படியும் தூசி ஆகியவை தனி.

இதே அறையில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் குறைத்துப் பாருங்கள். பத்தடி பத்தங்குலம் என்றால் பூச்சுக்குப் பின் 3,272, மிச்சம் 262. இப்போது ஒரு கல்லிலிருந்து இரண்டு துண்டு கிடைக்கிறது. பத்துத் துண்டுக்கு ஐந்து கல், மூலைக்கு ஒன்று. தரைக்கு மட்டும் முப்பத்தொன்று. ஸ்கர்ட்டிங் மூன்றையும் சேர்த்தால் முப்பத்து நான்கு. அளவு நூலில் இரண்டங்குலம் நகர்த்தியதற்கு இரண்டு கல் மிச்சம். கணக்குப்படி ஓரங்குலம் குறைத்தாலே போதும். ஆனால் நம் ஊர்ச் சுவரை அங்குலக் கணக்கில் நம்புவது ஆபத்து என்பதால் இரண்டு என்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். மிச்சம் எவ்வளவு என்பதைவிட, அது பாதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. 262 வந்தால் ஆதாயம், 310 வந்தால் நட்டம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்தால் ஒரு கல்லில் மூன்று துண்டு எடுக்கலாமே என்று தோன்றும்; எடுக்கலாம், ஆனால் நடுத் துண்டுக்கு இரண்டு பக்கமும் அறுத்த விளிம்புதான் இருக்கும். டைல்ஸின் ஆலை விளிம்பு அடுத்த கல்லோடு சேர வேண்டும், அறுத்த விளிம்பு சுவரோரம் போய் ஸ்கர்ட்டிங்குக்குள் மறைய வேண்டும் என்பது நல்ல வேலைக்கு அடையாளம். பாதியாக அறுத்தால் இரண்டு துண்டுக்கும் ஆளுக்கொரு ஆலை விளிம்பு கிடைத்துவிடும். மூன்றாக அறுத்தால் நடுத் துண்டைக் கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோதான் ஒளிக்க வேண்டும்.

பன்னிரண்டடிதான் இவ்வளவு லாபம் என்றால் எல்லா அறையையும் அப்படியே போட்டுவிடலாமே என்று கேட்டால், குறுக்கே மனையடி சாஸ்திரம் நிற்கிறது. பஞ்சாங்கத்தோடு வரும் பட்டியல்களில் பதினோரடி சிறப்பு, பன்னிரண்டடி ஆகாது. டைல்ஸ் கணக்கோ இதை நேரெதிராகச் சொல்கிறது. நம்பிக்கையோடு வாதாடுவதில் பயனில்லை. கல்லின் அளவை மாற்றுவதுதான் வழி. பதினோரடி அறைக்கு 800 மி.மீ. டைல்ஸ் போட்டால் நான்கு கல் போக மிச்சம் சுமார் 115. ஒரு கல்லில் அப்படிப்பட்ட பட்டை ஆறு எடுக்கலாம். விளிம்புக் குறை இருந்தாலும் அது ஒரே சுவரோரம்தான். ‘ஒன்றுக்கு ஒன்று’ எனப்படும் 300 மி.மீ. கல்லானால் இன்னும் கச்சிதம்: பதினொரு கல்லும் பத்து இடுக்கும் 3,320, அறை 3,323. நிறையக் கோடு விழுமே என்று வீட்டம்மா சொல்லக்கூடும். அது அவர்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது.

அறையின் நீள அகலங்களை ஏதாவது ஒரு பொருளின் அளவால் வகுபடும்படி கட்டம் போட்டு வரைவதற்குத் தொழிலில் மாடுலர் கிரிட் என்று பெயர். உலகெங்கும் ஒப்புக்கொண்ட அடிப்படைக் கட்டம் 100 மி.மீ. நம் இந்தியத் தர நிர்ணயமும் அதையே எடுத்துக்கொண்டது. 190-க்கு 90-க்கு 90 என்று ஒரு செங்கல் அளவு அதில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் சாந்து சேர்ந்தால் 200-க்கு 100-க்கு 100 ஆகிவிடும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. சூளைகளில் இன்னமும் ஒன்பதங்குலக் கல்தான் பெரும்பாலும் வேகிறது.

கட்டம் போட்டுத்தானே வரைந்தேன், பிறகும் ஏன் துண்டு விழுகிறது என்று புலம்புகிற பொறியாளர்களைப் பார்க்கலாம். அவர்கள் விழுகிற பள்ளம் ஒன்றே. மெட்ரிக்கில் சுத்தமாக இருக்கட்டும் என்று அறையை 3,000 மி.மீ. என்று போடுவார்கள், 600-ஆல் வகுபடுகிறதே என்று. அது செங்கல்லுக்குச் செங்கல் அளவானால் பூச்சுக்குப் பின் 2,970 ஆகிவிடும். ஐந்து டைல்ஸுக்கு 3,008 வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கல்லில் நாலைந்து சென்டிமீட்டர் சீவ வேண்டும். சீவிய பட்டை ஸ்கர்ட்டிங்குக்குக்கூட உதவாது. நம் பழைய பத்தடிக் கணக்கு தற்செயலாக 48 மி.மீ. கூடுதலாக வைத்திருந்தது, பூச்சும் இடுக்கும் அதற்குள் அடங்கிவிட்டன. கட்டத்தின் கோடு எதன்மேல் விழுகிறது என்பதை முடிவு செய்யாமல் எண்ணை மட்டும் சுத்தமாக்கினால் இதுதான் நடக்கும். கோடு, வேலை முடிந்த சுவரின் முகத்தில் விழ வேண்டும். கல்லுக்குக் கல் அளவு அதிலிருந்து பூச்சைக் கூட்டி வர வேண்டியது.

ஜப்பானியர் இந்தச் சிக்கலைச் சில நூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். அங்கே அறையைத் தத்தாமிப் பாயின் எண்ணிக்கையால்தான் சொல்வார்கள்: ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. கியோட்டோ பக்கத்து வழக்கத்தில் பாயின் அளவு மாறாது, சுமார் 1,910-க்கு 955 மி.மீ.; பாய்களை விரித்து, அவற்றைச் சுற்றித் தூண் நிறுத்துவார்கள். எடோ, அதாவது இன்றைய டோக்கியோ பக்கத்து வழக்கத்தில் தூணின் நடுவிலிருந்து தூணின் நடு வரை கட்டம் போடுவார்கள். தூணின் தடிமன் போக மிஞ்சும் இடத்துக்கு ஏற்பப் பாயைச் செய்துகொள்வார்கள். அதனால் அங்கே பாய் சிறியது, சுமார் 1,760-க்கு 880. முதல் முறையில் வீடு மாறினாலும் பாயை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் விரித்துவிடலாம். இரண்டாவதில் தச்சருக்கு வேலை எளிது, பாய் செய்கிறவருக்கு அளவெடுக்கும் வேலை. இரண்டும் கட்டம்தான், கோடு விழும் இடம் வேறு. பாயைப் பின்னிக்கொள்ளலாம். டைல்ஸைப் பின்ன முடியாது என்பதால் நமக்குக் கியோட்டோ வழிதான் சரி.

அடுத்து சுவர். செங்கல் சின்னது, உடைத்தாலும் துண்டு எங்காவது போய்விடும். பதினாறங்குல சிமென்ட் பிளாக் என்று வந்தால் கட்டம் கட்டாயமாகிறது. பெயரளவில் 400 மி.மீ., சாந்துக்கு இடம் விட்டு உண்மையில் 390 என்பது தர அளவு. நம் ஊர்ப் பட்டறைகளில் அச்சுக்கு அச்சு வேறுபடும். எனவே பத்துக் கல்லை நூல் பிடித்தாற்போல் ஒட்டி அடுக்கி மொத்தமாக அளந்து பத்தால் வகுத்துக்கொள்வது நல்லது. அரைக் கல்லும் சேர்த்து 200 மி.மீ. கட்டத்தில் சுவர் எழும்பும். இங்கே ஒரு சின்னக் கணக்கு உண்டு. இரண்டு முனையும் கல்லாக முடியும் சுவர்த் துண்டில் ஒரு சாந்து குறையும். இரண்டு சுவருக்கு இடைப்பட்ட திறப்பில் ஒரு சாந்து கூடும். ஒன்பது கல் நீளச் சுவர் 3,590 மி.மீ. நடுவில் ஜன்னல் என்றால் இந்தப் பக்கம் மூன்று கல் 1,190, திறப்பு 1,210, அந்தப் பக்கம் 1,190. நான்கடி ஜன்னலுக்குப் பதில் 1,200 மி.மீ. நிலை சொல்லிச் செய்தால் பக்கத்துக்கு ஐந்து மி.மீ. விளையாட்டோடு உட்காரும்.

வீட்டுக்காரர் வந்து, காற்று வரட்டும், நாலரை அடியாக்கு என்கிறார். திறப்பு 1,372 ஆகிறது; பக்கச் சுவர் 1,109. இரண்டு கல் போக 309 மி.மீ. துண்டு வேண்டும். முழுக் கல்லை உடைத்து எடுக்க வேண்டும்; உடைந்த எட்டு சென்டிமீட்டர் பல்லுக்கு வேறு இடமில்லை. நான்கடி உயர ஜன்னலுக்கு ஆறு வரி, இரு பக்கமும் பன்னிரண்டு கல். சுத்தியலால் உடைக்கும்போது நேராக உடையாததால் அதில் இன்னும் இரண்டு மூன்று வீண். பிறகு அந்த இடத்தைச் செங்கல் துண்டும் சாந்துமாக அடைப்பார்கள். பூச்சு பூசி இரண்டு வருடம் கழித்து ஜன்னலோரம் செங்குத்தாக மயிரிழை வெடிப்பு ஓடினால் அது பெரும்பாலும் இந்த அடைப்புதான். காற்றுதான் வேண்டுமென்றால் 1,410 திறப்பாகக் கேட்கலாம். ஜன்னல் பெரிதாகும், பக்கத்தில் 1,090 வரும், சுவரை நடுவாகப் பிடிக்காமல் ஒரு பக்கம் மூன்று கல், மறுபக்கம் இரண்டரை என்று வைத்தால் உடைப்பே இல்லை. ஜன்னல் பத்து சென்டிமீட்டர் தள்ளி நிற்பதைத் திரைச்சீலை பார்த்துக்கொள்ளும்.

பிளாக் கட்டமும் டைல்ஸ் கட்டமும் பூச்சுத் தடிமனால் எப்போதும் கொஞ்சம் முறைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிளாக் கணக்கில் அறையின் உள்ளளவு 3,010 வரும். டைல்ஸுக்கோ 3,040 வேண்டும். முப்பது மில்லிமீட்டரை எட்டுச் செங்குத்துச் சாந்தில் பகிர்ந்தால் ஒவ்வொன்றும் 10-க்குப் பதில் 14 ஆகும். முதல் வரியை சாந்தில்லாமல் வெறுமனே அடுக்கிப் பார்த்து, இடுக்குகளைச் சமமாகத் தரையில் குறித்துவிட்டால் கொத்தனார் அதையே பிடித்துக்கொண்டு போவார். குறிக்காமல் விட்டால் ஏழு இடுக்கு நெருக்கமாகவும் எட்டாவது மூன்று விரல் அகலமாகவும் வரும்.

கம்பியில் கதை வேறு மாதிரி. ஆலைக் கம்பி 12 மீட்டர். பத்துக்குப் பன்னிரண்டு தனி அறைக்கு மேல்தளம் போடுகிறோம், ஒன்பதங்குலச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கம்பி ஒன்று சுமார் 3.5 மீட்டர், நெடுக்குக் கம்பி சுமார் 4.1 மீட்டர். மூன்று நெடுக்குக் கம்பிக்கு 12.3 வேண்டும், ஒரு சாண் அளவு போதவில்லை. டைல்ஸுக்கு அவ்வளவு இதமாக இருந்த பன்னிரண்டடி கம்பிக்குக் கசக்கிறது. இதற்காக அறையை மாற்ற வேண்டாம், வெட்டும் முறையை மாற்றினால் போதும். இரண்டு நெடுக்கும் ஒரு குறுக்கும் சேர்ந்தால் 11.7 மீட்டர். பொறியாளர் இரண்டு திசையிலும் 8 மி.மீ. கம்பி, ஆறங்குலத்துக்கு ஒன்று என்று கொடுத்திருந்தால் நெடுக்கு இருபத்தொன்று, குறுக்கு இருபத்தைந்து. தனித்தனியாக வெட்டினால் இருபது கம்பி போகும். கலந்து வெட்டினால் பதினாறில் முடியும். நான்கு கம்பி என்பது ஏறக்குறைய 19 கிலோ. கம்பி கட்டுகிறவரிடம் பிளானை மட்டும் கொடுக்காமல் இப்படியொரு வெட்டுப் பட்டியலையும் கொடுப்பவர்கள் குறைவு. கொடுக்காவிட்டால் அவர் நீளமானதை முதலில் வெட்டி முடிப்பார். மூன்றே முக்கால் மீட்டர் மிச்சங்கள் ஓரமாகக் கிடக்கும், மாலையில் இரும்புக் கடைக்குப் போகும்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே கட்டம் ஒத்துவராது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஓர் அறைக்கு ஒரு பொருளை எஜமானாக வைத்துக்கொள்ள வேண்டும்: கூடத்துக்கும் படுக்கையறைக்கும் தரை, பிளாக் வீட்டின் வெளிச்சுவருக்குப் பிளாக். சமையலறையில் தரையைவிட மேடையும் அலமாரியும்தான் முக்கியம். எட்டுக்கு நான்கு பிளைவுட்டில் இரண்டடி ஆழப் பக்கப் பலகை நேர்பாதியாக வரும் என்று நினைத்து வரைந்தால், ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டரால் இரண்டாவது பலகை குறையும். 600 மி.மீ. என்று வரைந்தால் அந்தத் தொல்லை இல்லை. கழிவறையைக் கட்டத்துக்குள் அடக்கப் பார்ப்பது வீண் வேலை. நீர் ஓடுவதற்குச் சாய்வு, தரைத் துளை, குழாய் என்று எப்படியும் அங்கே அறுப்பு உண்டு.

கட்டம் வீணாகும் இன்னொரு காரணம், மூலைமட்டம். அளவெல்லாம் சரியாக இருந்து சுவர் கோணலானால் மூலையில் ஆப்பு வடிவில் துண்டு வைக்க வேண்டிவரும். அது எந்தக் கணக்கிலும் சேராத வெட்டு. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் குறுக்களவு, மூலைக்கு மூலை, செங்கல்லுக்குச் செங்கல் 15 அடி ஏழரை அங்குலம் வர வேண்டும். இரண்டு குறுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வரிக் கல் வைத்த அன்றே டேப் பிடித்துப் பார்த்தால் கல்லை நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம். லிண்டல் மட்டத்தில் பார்த்துப் புண்ணியமில்லை. பூசும்போதும் ஒரு பார்வை வேண்டும்: சுவர் சாய்ந்திருந்தால் அதை மறைக்கப் பூச்சை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஏற்றுவார்கள், அந்தத் தடிமன் நேராக டைல்ஸின் கணக்கிலிருந்துதான் போகும். அதனால் பூசி முடிந்ததும் அறையை இரண்டு ஓரத்திலும் நடுவிலுமாக மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சிறியதை வைத்துத்தான் டைல்ஸ் கணக்குப் போட வேண்டும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் டைல்ஸின் அளவு பிளான் போடும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் டைல்ஸ் கடைக்குப் போவது கடைசியாக, கையில் பணம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துவிட்டு. நிறமும் பூவும் அப்போது தேர்ந்தெடுத்தால் போதும். அளவை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். கணக்கு எவ்வளவு கச்சிதமாக வந்தாலும் இரண்டு பெட்டி கூடுதலாகவே வாங்குங்கள். உடைப்புக்கு ஒன்று, பிற்காலத்துக்கு ஒன்று. அடுத்த தடவை ஆலையில் வேகும் கல்லில் நிறம் ஒரு சாயை மாறும், சில சமயம் அளவும் ஒரு மில்லிமீட்டர் மாறும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் ஷேடையும் எல்லாப் பெட்டியிலும் ஒத்துப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள்.